அடியில் © போட்டால் எல்லாம் நமக்கே சொந்தமா?

சுங்கை சிப்புட் பக்கம் மூடப்பட்டுவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தின் நினைவுகளைச் சேர்த்துவைக்கும் சின்ன இணையத்தளம் ஒன்றை நாங்கள் சிலர் பார்த்துக்கொள்கிறோம். லயங்களை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வருடம் ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் அங்கே கூடுவோம். படங்கள், பழைய கதைகள், விடியலில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்து அனுபவங்கள் என்று ஒவ்வொருவரும் அனுப்புவதைத் தளத்தில் ஏற்றுவோம். பக்கத்தின் அடியில் தளத்தின் பெயரோடு `© 2017 All rights reserved` என்ற வரி இருக்கும். அதை யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை.

போன வருடம் கோயில் குழு ஒரு சிறப்பு மலர் அச்சடித்தது. மலருக்குத் தேவையான கட்டுரையையும் படங்களையும் தளத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். மலர் கைக்கு வந்த அன்று இரவே எனக்கு ஒரு தம்பி போன் செய்தான்.

“அண்ணே, பதினாலாம் பக்கத்துல இருக்கிற தீமிதி படம் நான் எடுத்தது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?”

மலர்க் குழுவிலிருந்த பெரியவரிடம் கேட்டேன். “தளத்துல போட்டப்பவே அது எல்லாருக்கும் பொதுவாயிடுச்சு தம்பி. கீழ வேற நம்ம பேருதான போட்டிருக்கு” என்றார். விழாவுக்குக் காசு கொடுத்து வரவழைத்த படக்காரர், “காசு வாங்கினாலும் எடுத்தது நான், அதனால என்னோட படங்கள் எனக்குத்தான்” என்றார். அதே மலரில் பால் வாளியோடு நிற்கும் ஒரு பாட்டியின் பழைய படம் உண்டு. அவருடைய பேத்தி, “படத்துல இருக்கிறது எங்க பாட்டி, அதனால படம் எங்களோடது” என்றார்.

ஆக நான்கு பேர், நான்கு நியாயங்கள். இந்த நான்கையும் நம் ஊர்களில் எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்துப் பார்த்தால், இவர்களில் அந்தத் தம்பியின் பேச்சு மட்டும்தான் அப்படியே நிற்கும். ஏன் என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

## லயத்து வீடும் பின்னால் போட்ட தோட்டமும்

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். வீடு கம்பெனியுடையது. சுவர், கூரை, முன்னால் ஓடும் கால்வாய் எல்லாம் கம்பெனியுடையவை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நம் அம்மா கத்தரியும் வெண்டையும் முருங்கையும் போட்டிருப்பார். அந்தக் காயைக் கம்பெனி வந்து பறித்துக்கொண்டு போகாது. கம்பெனி மண்ணில் விளைந்ததுதான் என்றாலும், விதைத்துத் தண்ணீர் ஊற்றியவருடைய காய் அது.

இணையத்தளமும் ஏறக்குறைய இப்படித்தான். தளத்தின் பெயர், வடிவமைப்பு, தளத்தை நடத்துபவர்கள் தாங்களே எழுதியவை எல்லாம் வீட்டைப் போல. வெளியிலிருந்து மற்றவர்கள் அனுப்பிய எழுத்தும் படமும் பின்கட்டில் விளைந்த காய் போல. காய் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்காக வீட்டுக்காரருடையது ஆகிவிடாது.

ஒப்புமை இதோடு நிற்கும், ஏனென்றால் காயைப் பறித்தால் செடியில் அது இருக்காது. படத்தை நகலெடுத்தால் மூலப்படம் அப்படியே இருக்கும். அதனால்தான் பலருக்கு அது எடுத்ததாகவே தோன்றுவதில்லை. சட்டம் காப்பாற்றுவது பொருளை அல்ல, நகலெடுப்பதற்கான அதிகாரத்தை. ஒரு படைப்பை நகலெடுக்கவும், இணையம் வழியாகவோ வேறு வழியிலோ பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கவும், நகல்களை விற்கவும் யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவுசெய்யும் அதிகாரத்தைத்தான் பதிப்புரிமை என்கிறோம். நம் நாட்டில் பேச்சுவழக்கில் இதைக் ‘காப்புரிமை’ என்றும் சொல்வார்கள். புதிய கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் சிலர் அதே சொல்லால் குறிப்பதால், குழப்பம் வேண்டாமென்று இங்கே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.

பாட்டியின் பேத்தி சொன்னதை இங்கேயே பார்த்துவிடலாம். ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் அந்தக் காகிதப் படம் குடும்பத்தின் பொருள். அதை யாரும் கேட்காமல் எடுத்துப்போக முடியாது. ஆனால் அந்தப் படத்தின் பதிப்புரிமை, காகிதம் யாரிடம் இருக்கிறது, படத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது அல்ல. நண்பர் நமக்கு எழுதிய கடிதம் நம் பெட்டியில் இருக்கும், தாள் நம்முடையது. அதற்காக அவர் எழுதிய வரிகளைப் புத்தகமாக்கி விற்க முடியுமா? படத்தில் இருப்பவரைக் கேட்காமல் போடுவது மரியாதைக் குறைவாக இருக்கலாம், சில நேரங்களில் வேறு சட்டச் சிக்கலும் வரலாம். ஆனால் அது பதிப்புரிமைக் கேள்வி இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பதிப்புரிமை எண்ணத்துக்குக் கிடையாது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போன அனுபவத்தை எங்கள் தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நீங்களும் உங்கள் தோட்டத்துப் பெரட்டைப் பற்றி எழுதலாம், யாரும் கேட்க முடியாது. அவர் கோத்த வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போடுவதுதான் கூடாது. எழுத்தாகவோ படமாகவோ பதிவாகவோ ஒரு வடிவத்தில் வந்து நின்ற பிறகுதான் உரிமை தொடங்குகிறது.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைக்கவேண்டியது இவ்வளவுதான்: படம் இருக்கும் இடம் வேறு, படத்தின் காகிதம் வேறு, நகலெடுக்க விடும் அதிகாரம் வேறு. நாம் பேசுவது மூன்றாவதைப் பற்றி.

## அந்த © என்னதான் செய்கிறது?

மலர்க் குழுப் பெரியவரின் நம்பிக்கை முழுவதும் அந்த அடிவரியின் மேல்தான். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் சில நாடுகளில் இந்த அடையாளம் இல்லையென்றால் உரிமையே பறிபோகும் நிலை இருந்தது. அமெரிக்கா அதில் முக்கியமானது. அங்கே 1989 மார்ச் 1ஆம் தேதிவரை, வெளியிடும் படைப்பில் © அடையாளமோ அதற்குச் சமமான சொல்லோ, ஆண்டும், உரிமையாளர் பெயரும் இருக்கவேண்டும் என்பது விதி. அந்தத் தேதியில் அமெரிக்கா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. உறுப்பு நாடுகளின் படைப்புகளுக்கு எந்தச் சடங்கும் இல்லாமல் பாதுகாப்பு தரவேண்டும் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் அது. மலேசியா 1990 அக்டோபர் 1ஆம் தேதி அதில் சேர்ந்தது. ஆகவே இன்று இங்கே ஒரு படத்தை எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. © போடவேண்டாம், பதிவுசெய்யவேண்டாம், கட்டணம் கட்டவேண்டாம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகும். அடையாளம் இல்லாத படம் இலவசப் படம் ஆகாது. அதேபோல், அடையாளம் போட்டவர் அதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். பக்கத்து வீட்டு வேலியில் என் பெயரை எழுதி மாட்டினால் அந்த நிலம் எனக்கு வந்துவிடுமா?

அப்படியென்றால் அந்த வரி வீணா என்றால், இல்லை. ‘இதற்கு உரிமையாளர் இருக்கிறார், கேட்டுவிட்டு எடு’ என்று அது எச்சரிக்கிறது. தளத்தின் சொந்த எழுத்துக்கும் வடிவமைப்புக்கும் அது பொருந்தும். பல பேருடைய படைப்புகளைத் தேர்ந்தெடுத்து ஓர் ஒழுங்கில் தொகுத்த உழைப்புக்கும் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு, அதற்கும் பொருந்தும். யாராவது எங்கள் தளத்தின் தொகுப்பை வரிசை மாறாமல் அப்படியே தூக்கிக்கொண்டுபோனால் நாங்கள் கேட்கலாம். ஆனால் அந்தத் தொகுப்புரிமை உள்ளே இருக்கும் தனித்தனிப் படைப்புகளின் உரிமையைத் தொடுவதில்லை. மாலை கட்டியவருக்கு மாலையின் மேல் உரிமை உண்டு. பூ கொடுத்தவர் தன் பூவை விட்டுக்கொடுத்ததாகப் பொருள் இல்லை.

ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடம் பிறந்ததும் அடிவரியில் ஆண்டை மாற்றினால் உரிமை புதுப்பிக்கப்படும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஆண்டு முதலில் வெளியான காலத்தைக் குறிப்பது. எழுத்துக்கும் கலைப்படைப்புக்கும் உரிமை, படைத்தவர் வாழும்வரையும் அவர் இறந்தபின் 50 ஆண்டுகளும் இருக்கும். அடிவரியை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

இதைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது. படைப்பின் மேல் படைத்தவர் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரே படைத்தவர் என்று நம் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அடியில் தளத்தின் பெயரைப் பெரிதாகப் போடுவதைவிட, ஒவ்வொரு படத்துக்கும் கீழே எடுத்தவர் பெயரைச் சின்னதாகப் போடுவதுதான் உரிமையாளருக்கு உதவும். நாங்கள் பல வருடம் இதைச் செய்யாமல் விட்டோம். அந்தத் தம்பியின் படத்துக்குக் கீழே ‘தீமிதி’ என்று மட்டும்தான் போட்டிருந்தோம். மலர்க் குழு ஏமாந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

## பிறக்கும்போது யாருடையது?

சட்டத்தின் 26ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பொது விதி எளியது: படைத்தவருக்கே முதல் உரிமை. கட்டுரை எழுதிய ஆசிரியர் அந்தக் கட்டுரைக்கு உரிமையாளர். தீமிதியில் கூட்டத்துக்குள் நின்று தன் கைபேசியில் படம் எடுத்த தம்பி அந்தப் படத்துக்கு உரிமையாளர். அவனை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அவனாக எடுத்தான்.

விதிவிலக்கு இரண்டு உண்டு. சம்பள வேலையின் பகுதியாக ஒருவர் படைத்தது முதலாளிக்குப் போகும். அது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது இரண்டாவது. ஒருவர் கேட்டு, அதற்காகவே செய்துகொடுக்கப்பட்ட படைப்பின் உரிமை, செய்யச் சொன்னவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். இருவரும் வேறு மாதிரிப் பேசிவைத்திருந்தால் அந்தப் பேச்சுப்படி.

படக்காரரின் வழக்கு இங்கேதான் திரும்புகிறது. கோயில் குழு அவரை அழைத்தது. காலை பால்குடம் தொடங்கி இரவு சாமி ஊர்வலம்வரை எடுத்துக்கொடுக்கச் சொன்னது. பேசிய தொகையைக் கொடுத்தது. உரிமையைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. பேசாததால் சட்டத்தின் விதி செயல்படும்: அந்தப் படங்களின் பதிப்புரிமை குழுவுக்கு. “எடுத்தது நான்” என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது அவரைப் படைத்தவர் ஆக்குமே தவிர இந்த நிலையில் உரிமையாளராக வைத்திருக்காது.

அவர் வேண்டுமென்று தவறாகச் சொல்லவில்லை. இணையத்தில் இதைத் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் அமெரிக்கக் கட்டுரைகள். அங்கே தனியாகத் தொழில் செய்யும் படக்காரர் கல்யாணத்தில் எடுத்த படம், எழுதிக்கொடுக்காதவரை அவருக்கே சொந்தம். இங்கே நேர் எதிர். சமையல் குறிப்பை எந்த நாட்டுக்காரர் எழுதினாலும் பயன்படுத்தலாம், சட்டக் குறிப்பை அப்படிப் பயன்படுத்த முடியாது.

சில ஸ்டூடியோக்களின் பில்லில் ‘படங்களின் உரிமை ஸ்டூடியோவுக்கே’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது செல்லுமா என்பது எப்போது காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. முன்பணம் கட்டும் அன்றே அந்தத் தாளைக் காட்டி இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் அது உடன்பாடு, உரிமை ஸ்டூடியோவிடமே இருக்கும். விழா முடிந்து, படமும் கொடுத்து, கடைசிப் பணம் வாங்கும்போது கொடுத்த ரசீதில் முதன்முறையாக அந்த வரி வந்திருந்தால், அதை உடன்பாடு என்று சொல்வது மிகக் கடினம். மாறாக, யாரும் அழைக்காமல் அவராகத் திருவிழாவுக்கு வந்து எடுத்து, பிறகு பிரதியை 10 ரிங்கிட்டுக்கு விற்றிருந்தால், அது கேட்டுச் செய்த வேலையே அல்ல. வாங்கியவருக்குப் பிரதி சொந்தம், பதிப்புரிமை எடுத்தவருக்கே.

படக்காரருக்கு எதுவும் மிஞ்சவில்லையா என்றால், மிஞ்சுகிறது. உரிமை கைமாறினாலும் படைத்தவரோடு தங்கிவிடும் உரிமை ஒன்று உண்டு. அதைத் தார்மீக உரிமை என்பார்கள். தன் பெயரைச் சொல்லிப் படைப்பை வெளியிடவேண்டும், தன் மதிப்பு கெடும்படி அதைச் சிதைக்கக்கூடாது என்று கேட்கும் உரிமை அது. மலரில் அவர் எடுத்த படங்கள் ஏழெட்டு இருந்தன, ஒன்றின் கீழும் அவர் பெயர் இல்லை. அவருடைய கோபத்தின் அந்தப் பகுதி நூற்றுக்கு நூறு நியாயம்.

சுருக்கமாக: தானாக எடுத்தால் எடுத்தவருக்கு. கேட்டு எடுத்தால், வேறு பேச்சு இல்லாதவரை, கேட்டவருக்கு. இரண்டிலும் பெயர் எடுத்தவருக்கு.

## பயன்பாட்டு நிபந்தனைகள்: குத்தகையா, கிரயமா?

ஒரு தளத்தில் எதையாவது ஏற்றும்போது, இதற்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீளமான ஒரு பத்தி வரும். பயன்பாட்டு நிபந்தனைகள் என்பது அதுதான்: தளத்தை நடத்துபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையிலான ஒப்பந்தம். நாம் யாரும் படிப்பதில்லை. படித்தால் அதில் தேடவேண்டியது ஒன்றே ஒன்று. அது குத்தகை கேட்கிறதா, கிரயம் கேட்கிறதா?

நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் நிலம் நம் பேரிலேயே இருக்கும், மற்றவர் பயிர் செய்துகொள்வார். பதிப்புரிமையில் இதற்கு உரிமம் என்று பெயர். கிரயம் செய்து கொடுத்துவிட்டால் நமக்கு அதில் வேலை இல்லை. அதை உரிமை மாற்றம் என்பார்கள்.

முகநூல் எல்லாவற்றையும் தன்னுடையது ஆக்கிக்கொள்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அதன் நிபந்தனைகளோ, நீங்கள் உருவாக்கியதன் உரிமை உங்களுக்கே என்று சொல்லிவிட்டு உரிமம் கேட்கின்றன. ஆனால் அகலமான உரிமம்: உலகம் முழுக்க, காசு கொடுக்காமல், மற்றவருக்கும் கைமாற்றக்கூடியதாக. உங்கள் படத்தை அது காட்டலாம், நகலெடுக்கலாம், அளவு மாற்றலாம். நீங்கள் மற்றவர்களுக்கும் அதே உரிமத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் பக்கத்தில் இருந்த படத்தை எடுத்து ஒருவர் தன் கடை விளம்பரத்தில் போட்டுவிட்டு, “முகநூல்ல பொதுவாத்தான கிடந்துச்சு” என்றால் அது பதிலாகாது. பொதுவில் எல்லாரும் பார்க்கலாம் என்பது பொதுச்சொத்து என்று ஆகாது.

‘என் படங்களை முகநூல் பயன்படுத்த நான் அனுமதிக்கவில்லை, இதை நகலெடுத்து உங்கள் பக்கத்திலும் போடுங்கள்’ என்று சில மாதங்களுக்கு ஒருமுறை புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு செய்தி சுற்றும். போட்டு ஒரு பயனும் இல்லை. கணக்கு திறந்தபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதை ஒருதலையாக ஓர் அறிவிப்பால் மாற்ற முடியாது. உரிமத்தை முடிக்க வழி, படத்தை நீக்குவது.

இப்போது எங்கள் தளத்துக்கு வருகிறேன். எங்கள் நிபந்தனைப் பக்கத்தில் ‘இத்தளத்தில் இடம்பெறும் அனைத்தும் தளத்தின் உடைமை’ என்று ஒரு வரி இருந்தது. அதைத்தான் பெரியவர் காட்டினார். அது கிரயம் கேட்கும் வரி. நம் சட்டத்தின் 27ஆம் பிரிவு, உரிமை மாற்றமும் உரிமமும் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது என்கிறது. தம்பி அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. படத்தைப் புலனத்தில் எனக்கு அனுப்பினான், நான் ஏற்றினேன். அவன் எங்கேயும் ஒப்புக்கொள்ளாத ஒரு வரி அவனைக் கட்டுமா?

அவன் எழுதிக்கொடுத்தது என்று எங்களிடம் இருந்தது ஒன்றுதான்:

“அண்ணே இதையும் தளத்துல போட்டுடுங்க”

புலனச் செய்தி எழுத்தாகுமா என்று கேட்பார்கள். திரும்ப எடுத்துப் படிக்க முடிகிற மின்செய்தியை எழுத்துக்குச் சமமாகக் கொள்ள 2006ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டம் வழிசெய்கிறது. ஆகவே அதை ஓர் உரிமம் என்று எடுத்துக்கொள்வோம். எதற்கான உரிமம்? ‘இதையும்’ என்பது அந்த ஒரு படம். ‘தளத்துல’ என்பது இடம். அச்சு இல்லை, விற்பனை இல்லை, வேறு யாருக்கும் கொடுப்பது இல்லை. தளத்தில் காட்டும் குத்தகை மட்டுமே எங்களிடம் இருந்தது. எங்களிடம் இல்லாததை மலர்க் குழுவுக்கு நாங்கள் கொடுத்திருக்கவே முடியாது, அவர்களோ கேட்கக்கூட இல்லை. மலரின் பதினாலாம் பக்கம் அனுமதி இல்லாத நகல்.

‘நன்றி: இணையம்’ என்று போட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஆகாது. ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, அங்கே பெயரைச் சொல்வது ஒரு நிபந்தனை. அந்த வட்டத்துக்கு வெளியே, பெயர் போடுவது அனுமதிக்கு ஈடாகாது. முழுப்பக்கத்துக்கு ஒரு படத்தை அழகுக்காகப் போடுவது விமர்சனம் இல்லை.

பழைய வரியை எடுத்துவிட்டு நாங்கள் இப்போது வைத்திருப்பது இது:

“நான் அனுப்பும் எழுத்தும் படமும் என்னுடையவை, அல்லது உரிமையாளரிடம் கேட்டுப் பெற்றவை. இவற்றை இத்தளத்தில் என் பெயருடன் வெளியிட அனுமதி தருகிறேன். உரிமை என்னிடமே இருக்கும். வேறெங்கும் பயன்படுத்த என்னிடம் தனியாகக் கேட்கவேண்டும். நான் நீக்கச் சொன்னால் நீக்கவேண்டும்.”

படம் ஏற்றும் இடத்தில் இந்த ஐந்து வரியும் கண்ணில் படும்படி இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் குறியிட்டால்தான் ஏற்ற முடியும். அடியில் எங்கேயோ ஒரு இணைப்பாக ஒளித்துவைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நாளை கேள்வி வந்தால், இன்னார் இந்தத் தேதியில் இதைப் படித்து ஒப்புக்கொண்டார் என்று காட்ட முடியும். ஐந்தில் பலவீனமானது முதல் வரி. அடுத்தவர் படத்தைத் தன்னுடையது என்று ஒருவர் குறியிட்டுவிட்டால், அந்தக் குறி உண்மையான உரிமையாளரைக் கட்டாது. அதனால்தான் நீக்கச் சொல்லும் வழியைத் திறந்துவைத்திருக்கிறோம்.

## வெளியே போன படத்தைத் திரும்பப் பிடிப்பது

மலர் விவகாரம் ஓய்வதற்குள் அதே தீமிதி படம் ஒரு சுற்றுலாப் பக்கத்தில், மூலையில் வேறு பெயரோடு வந்துவிட்டது. தம்பிக்கு ஆத்திரம். கீழே போய்த் திட்டி எழுதப்போனான். முதலில் சான்று சேர்க்கச் சொன்னேன், ஏனென்றால் திட்டினால் படத்தை நீக்கிவிட்டு, போடவே இல்லை என்பார்கள்.

முகவரியும் தேதியும் தெரியும்படி திரையைப் படமெடுத்தான். பிறகு தன் மூலக்கோப்பைத் தேடினான். முதலில் எனக்குக் காட்டியது `IMG-20240407-WA0012.jpg` என்ற கோப்பு. பெயரில் `WA` இருந்தாலே அது புலனம் வழியாக வந்த நகல் என்று தெரிந்துவிடும். புலனம் படத்தைச் சுருக்குவதோடு, எந்தக் கருவியில் எப்போது எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கும் குறிப்பையும் எடுத்துவிடுகிறது. அந்த நகல் யாரிடமும் இருக்கலாம். கைபேசியின் படத்தொகுப்பில் முழு அளவிலான மூலமும், அதற்கு முன்னும் பின்னும் சில நொடி இடைவெளியில் எடுத்த ஐந்தாறு படங்களும் இருந்தன. திருடியவரிடம் அந்த ஐந்தாறும் இருக்காது. அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அடுத்தது அறிவிப்பு. படத்தை வைத்திருக்கும் சேவை நிறுவனத்துக்கு, எந்தப் படம், எந்த முகவரி, உரிமையாளர் யார் என்று நம் சட்டம் கேட்கும் முறையில் உரிமையாளர் அறிவித்தால், கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை நீக்கவோ பார்க்க முடியாமல் செய்யவோ வேண்டும். போட்டவர் மறுப்பு அறிவிப்பு கொடுக்கலாம். கொடுத்தால், புகார் செய்தவர் நீதிமன்றத்துக்குப் போகாத பட்சத்தில் 10 வேலை நாளுக்குப் பிறகு படம் திரும்ப வந்துவிடும். அதனால் பொய்யாக அறிவிப்பு அனுப்பி யாரையும் நிரந்தரமாக அடைத்துவிட முடியாது. பெரிய சமூக ஊடகங்களுக்கு இதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது, தம்பி அதைத்தான் நிரப்பினான். மறுப்பு எதுவும் வரவில்லை, படம் போய்விட்டது.

வழக்குவரை போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். உரிமையைப் பதிவுசெய்யக் கட்டாயம் இல்லை என்றாலும், மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விருப்பப்பட்டால் அறிவித்துவைக்கலாம். 2012இலிருந்து அந்த வசதி உண்டு, சர்ச்சை வரும்போது அது முதல்நிலைச் சான்றாக உதவும். இழப்பு இவ்வளவு என்று காட்ட முடியாதவர்களுக்காக, ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட்வரை நீதிமன்றமே தொகை விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது உச்சவரம்பு. ஒரு கோயில் மலருக்கு அவ்வளவு வரும் என்று யாரும் எண்ணிவிடவேண்டாம்.

## மலர் என்ன ஆனது?

மலர் 500 பிரதி அச்சாகிவிட்டது, பாதிதான் கொடுத்திருந்தார்கள். பெரியவர் தம்பியின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினார். அன்று மாலை தம்பி அவருக்குப் புலனத்தில் எழுதினான்: “தீமிதி படத்தை இந்த வருட மலரில் மட்டும் என் பெயரோடு அச்சிட அனுமதி தருகிறேன். வேறு எதற்கும் கேட்கவேண்டும்.” ஓர் உரிமத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது: எந்தப் படம், எங்கே, எந்த நிபந்தனையோடு, எதுவரை.

பாட்டியின் படத்தை எடுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. பட்டணத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் லயத்துக்கு வந்து எடுத்ததாக ஒரு பேச்சு உண்டு. ஸ்கேன் செய்தவர் தன் பெயரைப் படத்தின் நடுவே பதித்திருந்தார். ஸ்கேன் செய்வது நகலெடுப்பதுதான், அதனால் புதிய உரிமை எதுவும் பிறக்காது என்று சொன்னோம், எடுத்துவிட்டார். தளத்தில் இப்போது ‘குடும்ப ஆல்பத்திலிருந்து. எடுத்தவர் பெயர் தெரிந்தவர்கள் சொல்லவும்’ என்று போட்டிருக்கிறோம்.

மீதிப் பிரதிகளுக்காக, தம்பியின் பெயரும் படக்காரரின் பெயரும் அச்சடித்த சின்னச் சீட்டுகள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பதினாலாம் பக்கத்திலும் படக்காரரின் பக்கங்களிலும் ஒவ்வொன்றாக ஒட்டினோம். தம்பியும் வந்திருந்தான். பசை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, தன் பெயரை ஒட்டி முடித்ததும் படக்காரரின் சீட்டுக் கட்டை எடுத்தான்.